என் ஸ்டீம் கணக்கும் பரணில் கிடந்த டிவிடி உறையும்

2023இல் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குமேல், கணினி விளையாட்டுகளை வாங்கி விளையாடும் தளமான ஸ்டீமின் அரட்டையில் ஒரு செய்தி வந்தது. கல்லூரியில் என்னோடு படித்த நண்பனின் கணக்கிலிருந்து. "எங்கள் அணி ஒரு போட்டியில் கலந்துகொள்கிறது, ஒரு ஓட்டுப் போடு" என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இணைப்பும் கொடுத்திருந்தான். அவன் என்னிடம் ஆங்கிலத்தில் எழுதியதே கிடையாது. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இணைப்பைத் திறந்தேன்.

அணிகளின் பெயர்கள், சின்னங்கள், ஓட்டு எண்ணிக்கை என்று பார்க்க ஒழுங்கான பக்கம்தான். ஓட்டுப் போட ஸ்டீம் வழியாக உள்நுழையச் சொன்னது. பொத்தானை அழுத்தியதும் சிறிய ஜன்னல் ஒன்று திறந்தது. அதன் முகவரிப் பட்டையில் `steamcommunity.com` என்றே இருந்தது, பக்கத்தில் பூட்டுச் சின்னமும் இருந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். மின்னஞ்சலுக்கு வந்த ஐந்தெழுத்துக் குறியீட்டைக் கேட்டது, அதையும் கொடுத்தேன். "ஓட்டு பதிவாகிவிட்டது" என்றது. படுத்துவிட்டேன்.

அந்த ஜன்னல் உண்மையில் ஜன்னலே அல்ல. அந்தப் பக்கத்துக்குள்ளேயே வரைந்து வைத்த படம். முகவரிப் பட்டை, பூட்டு, மூடும் குறி எல்லாம் அதில் ஓவியம்தான். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: அதன் தலைப்பைப் பிடித்து உலாவியின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். நிஜமான ஜன்னல் வெளியே வரும். வரைந்தது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது பக்கத்தோடு சேர்ந்து மறைந்துவிடும். இதெல்லாம் மறுநாள் தெரிந்துகொண்டது.

காலையில் ஸ்டீம் என்னை வெளியேற்றியிருந்தது. கடவுச்சொல் தவறு என்றது. கணக்குப் பெயரைக் கொடுத்து மீட்கப் பார்த்தால், சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்புவதாக அது காட்டிய மின்னஞ்சல் முகவரி வேறு ஏதோ எழுத்தில் தொடங்கியது. என் முகவரியை மாற்றிவிட்டார்கள்.

இங்கே எனக்கு ஒன்று இடித்தது. கணக்கின் மின்னஞ்சலை மாற்ற வேண்டுமென்றால் பழைய மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வருமே? அது எனக்கு வரவே இல்லை. மாற்றியபின் வர வேண்டிய அறிவிப்பும் இல்லை. ஸ்டீமை அப்படியே விட்டுவிட்டு மின்னஞ்சலின் அமைப்புகளுக்குள் போனேன். வடிகட்டிகள் இருக்கும் பகுதியில் நான் போடாத ஒரு விதி உட்கார்ந்திருந்தது: `noreply@steampowered.com` என்ற முகவரியிலிருந்து எது வந்தாலும் நேராகக் குப்பைக்கு. குப்பைப் பெட்டியைத் திறந்தேன். நள்ளிரவு தாண்டி வந்த நான்கு மின்னஞ்சல்கள் வரிசையாக இருந்தன. புதிய சாதனத்தில் உள்நுழைவு, முகவரியை மாற்றக் குறியீடு, முகவரி மாற்றப்பட்டது, கடவுச்சொல் மாற்றப்பட்டது.

என்ன நடந்தது என்பது அதிலேயே தெரிந்தது. என் கணக்கினுள் நுழைந்தவன், கணக்கு விவரப் பக்கத்தில் என் மின்னஞ்சல் முகவரியைப் பார்த்திருக்கிறான். நான் கொடுத்த அதே கடவுச்சொல்லை அங்கேயும் போட்டுப் பார்த்திருக்கிறான். திறந்துகொண்டது. எட்டு வருடமாக இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தது நான்தான். இதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆகவே முதலில் மின்னஞ்சல். மனைவியின் மடிக்கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினேன். என் கணினியில் ஏதாவது தீநிரல் இருக்குமோ என்று பயம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றினேன். அந்த வடிகட்டியை அழித்தேன். வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறதா, மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் என்னுடையவைதானா என்று பார்த்தேன். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினேன். இதைச் செய்யாமல் ஸ்டீமுக்கு எழுதியிருந்தால், அவர்கள் திருப்பித் தரும் கணக்கின் சாவி மறுபடியும் திருடன் கைக்கே போயிருக்கும்.

பிறகு `help.steampowered.com`. கணக்கு திருடப்பட்டது என்பதைத் தேர்ந்தெடுத்து, குறியீடு அனுப்பச் சொல்லும் ஒவ்வொரு படியிலும் "அந்த மின்னஞ்சல் என்னிடம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு படிவம் வருகிறது. கணக்கு உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். பதிவு செய்தபோது கொடுத்த முதல் மின்னஞ்சல், தொலைபேசி எண், வாங்கிய விளையாட்டுகளுக்குப் பணம் கட்டிய விவரம், கடையில் பெட்டியாக வாங்கியிருந்தால் அதனுள் இருந்த சாவி எண். திருடன் இன்று எதை மாற்றினாலும், முதல் நாள் என்ன நடந்தது என்பதை மாற்ற முடியாது. கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன.

தொலைபேசி எண் கல்லூரிக் காலத்தது, எப்போதோ கைவிட்டது. பழைய கடன் அட்டை காலாவதியாகி, வங்கியே மாறிவிட்டது. மின்னஞ்சலில் தேடியதில் 2014இல் வந்த ரசீது ஒன்று கிடைத்தது. இந்தியர்களுக்கு ஸ்டீம் ரூபாயில் விலை போட ஆரம்பித்தது 2015 நவம்பரில்தான். அதற்கு முந்தையது என்பதால் அந்த ரசீதில் தொகை டாலரில் இருந்தது. அதன் உறுதிப்படுத்தல் எண்ணைப் படிவத்தில் சேர்த்தேன். ஆனால் அந்த மின்னஞ்சல் பெட்டியில்தான் திருடனும் ஓர் இரவு முழுக்க இருந்திருக்கிறான். அவனுக்கும் அந்த ரசீது கிடைத்திருக்கலாம். அவன் தொட்டிருக்க முடியாத ஏதாவது வேண்டும்.

அப்போதுதான் பரண் நினைவுக்கு வந்தது. 2012இல் கடையில் வாங்கிய ஸ்கைரிம் விளையாட்டின் டிவிடி. அதன் சாவியைப் போட்டுத்தான் இந்தக் கணக்கையே தொடங்கினேன். கொலு பொம்மைப் பெட்டிக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவில் அரை மணி நேரம் தேடினேன். உறை கிடைத்தது, உள்ளே சிறு புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்த எண்ணும் அழியாமல் இருந்தது. ஸ்டீம் ஆதரவுக் குழு கேட்பது வெறும் எண்ணை அல்ல. நம் புகாரின் குறிப்பு எண்ணை அந்தச் சாவிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி, இரண்டும் தெரியும்படி புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த படமல்ல, காகிதம் உங்கள் கையிலேயே இருக்கிறது என்பதற்கான சான்று அது. நீல மையில் எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

காத்திருந்த நேரத்தில் பழக்கமில்லாத ஒருவர் செய்தி அனுப்பினார்: மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் கணக்கை மீட்டுத் தருவாராம். நண்பர்கள் குழுவில் நான் புலம்பியதை யாரோ பார்த்திருக்க வேண்டும். ஸ்டீம் ஆதரவுக் குழு அரட்டையில் வந்து பேசுவதே இல்லை. புகாருக்கான பதில் அந்தப் புகார்ப் பக்கத்திலேயே வரும்.

எனக்கு மறுநாள் மாலை வந்தது. கணக்கை என் மின்னஞ்சலுக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே போனதும் கண்ணில் பட்டது நண்பர்கள் பட்டியல். அதே ஓட்டுச் செய்தி என் பெயரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் போயிருந்தது. பதிலுக்குச் சந்தேகப்பட்டுக் கேட்டவர்களைத் தடுத்தும் வைத்திருந்தான்.

ஆனால் டோட்டா 2 விளையாட்டில் நான் சேர்த்து வைத்திருந்த மெய்நிகர் பொருட்கள் அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை! எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் யாரோ ஒருவருக்குப் பரிமாற்றம் செய்திருந்தான். கைபேசிச் செயலியில் சரிபார்ப்புக் குறியீடு காட்டும் ஆதென்டிகேட்டர் என் கணக்கில் இல்லாததால் அந்தப் பரிமாற்றம் 15 நாள் நிறுத்திவைப்பில் நின்றது. அதை ரத்து செய்ததும் பொருட்கள் திரும்பின. கைமாறி முடிந்திருந்தால் கதை வேறு. போன பொருட்களை ஆதரவுக் குழு திருப்பித் தருவதில்லை என்பதுதான் விதி.

அடுத்து நான் பார்த்த பக்கம் பலர் பார்க்காமல் விடுவது: `steamcommunity.com/dev/apikey`. நிரல் எழுதுபவர்களுக்கான பக்கம் அது, சாதாரணமாக விளையாடும் எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் என் பெயரில் ஒரு ஏபிஐ சாவி, அதாவது வெளி நிரல்கள் என் கணக்கை அணுக உதவும் சாவி, பதிவாகியிருந்தது. அது இருந்தால் திருடனின் நிரல் என் பரிமாற்றங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நான் ஒரு நண்பனுக்குப் பொருள் அனுப்பினால் அதை ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் படமும் கொண்ட போலிக் கணக்கிலிருந்து இன்னொரு பரிமாற்றத்தை எனக்கு அனுப்பும். நானே என் கையால் உறுதிசெய்வேன். கடவுச்சொல் வேறு, இந்தச் சாவி வேறு. அதை ரத்து செய்தேன், பரிமாற்ற முகவரியையும் புதிதாக உருவாக்கினேன், எல்லாச் சாதனங்களையும் நீக்கினேன்.

பிறகுதான் ஆதென்டிகேட்டர். கைபேசியில் ஸ்டீம் செயலியைப் போட்டு, கேடயச் சின்னத்தின் கீழ் அதைச் சேர்த்தால் குறுஞ்செய்தியில் ஓர் எண் வரும். அதைக் கொடுத்ததும் R என்ற எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்றைத் திரையில் காட்டுகிறது. கைபேசி தொலைந்தால் வேண்டியது இதுதான். பலர் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கைபேசியில் வைக்கிறார்கள். நான் காகிதத்தில் எழுதி, அந்த டிவிடி உறைக்குள்ளேயே வைத்தேன். சேர்த்து ஏழு நாள் ஆகும்வரை பரிமாற்றங்களுக்கு நிறுத்திவைப்பு தொடரும், அவசரப்பட்டுப் பயனில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. செயலி காட்டும் குறியீடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. ஆனால் போலிப் பக்கத்தில் அதை நானே தட்டினால், அந்த 30 விநாடிக்குள் மறுமுனையில் அவர்களுடைய நிரல் அதை நிஜப் பக்கத்தில் போட்டுவிடும். கியூஆர் குறியும் அப்படியே. போலிப் பக்கம் ஸ்டீமின் நிஜக் குறியையே வாங்கி எனக்குக் காட்டலாம். நான் ஸ்கேன் செய்து அனுமதித்தால் உள்ளே போவது அவன். எனவே செயலி அனுமதி கேட்கும்போது அதில் காட்டும் இடத்தைப் படிக்கிறேன். கோவையில் இருக்கும் எனக்கு வேறு நாட்டின் பெயர் வந்தால் மறுத்துவிட வேண்டியதுதான். வெளித்தளம் எதிலும் ஸ்டீம் வழியாக நுழைய வேண்டியிருந்தால், முதலில் தனித் தாவலில் முகவரியைத் தட்டி ஸ்டீமில் நுழைந்துகொள்கிறேன். அதன்பிறகும் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மூடிவிடுகிறேன்.

செய்தி அனுப்பிய நண்பனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் கணக்கு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது, அவனுக்கே தெரியவில்லை. வேலை மாறியதிலிருந்து விளையாடவே இல்லையாம். வடிகட்டியைப் பார்க்கச் சொன்னேன். அவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை, ஆனால் பழைய ரசீதுகளும் இல்லை. முதல் விளையாட்டுக்குப் பணம் கட்டியது அவனுடைய அண்ணனின் அட்டையில். அது எந்த வங்கி அட்டை என்று அண்ணனிடம் கேட்டால், "பன்னிரண்டு வருடம் ஆயிற்றேடா" என்கிறாராம். இப்போது அவரிடம் பழைய வங்கிக் கணக்கு அறிக்கைகளைத் தேடச் சொல்லியிருக்கிறோம்.