பி.எல். தேதியிலிருந்து அறுபது நாள்

மும்பை மஸ்ஜித் பந்தரில் எங்கள் அலுவலகம். எவர்சில்வர் பாத்திரம் ஏற்றுமதி செய்கிறோம். சரக்கு பாயந்தர் பட்டறைகளிலிருந்து வரும், நவசேவாவில் கப்பல் ஏறும். முதலாளிக்கு நாகர்கோவில் பக்கம், எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. டாகுமெண்ட் வேலை முழுக்க என் பொறுப்பு.

2024 ஜனவரியில் ஹாம்பர்க்கிற்கு இருபது அடி கண்டெய்னர் ஒன்று அனுப்பினோம். இன்வாய்ஸ் 38,640 டாலர். மூன்று வருடமாக வாங்குகிற ஆள் என்பதால், பணத்துக்கு அவர் பேங்க் பொறுப்பேற்கிற எல்.சி. கிடையாது. பேங்க் வழியாகவும் போகாமல், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தருகிற, அதைக் காட்டினால்தான் சரக்கை எடுக்க முடிகிற ஒரிஜினல் பி.எல். உட்பட எல்லாப் பேப்பரையும் கூரியரில் நேராக அவருக்கே அனுப்பிவிடுவோம். ஒரிஜினல் பி.எல். அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் சரக்கின் மேல் நமக்குப் பிடி கிடையாது. பிறகு பணம் கேட்க நம் கையில் இருப்பது கடிதம் மட்டும்தான்.

பி.எல். தேதி ஜனவரி 12. பேசிய கெடு அறுபது நாள். அதாவது மார்ச் 12. அந்த வருடம் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் கண்டெய்னர் ஹாம்பர்க்கில் இறங்கியது பிப்ரவரி 26. வழக்கமாக நான்கு வாரத்தில் போகிற சரக்குக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மார்ச் 12 வந்தது, பணம் வரவில்லை. மறுநாள் ஹாம்பர்க் கம்பெனியின் கொள்முதல் மேலாளருக்குச் சின்னதாக ஒரு மெயில் போட்டேன், பதில் இல்லை. மார்ச் 25 ஹோலி. பண்டிகைக்கு முன்னால் கணக்கு தீர்க்கச் சொல்லி பாயந்தர் பட்டறைக்காரர்கள் தினமும் போன் செய்தார்கள். சரக்கு தயாரிக்க பேங்கில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி வேறு ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பொறுமை இழந்து, “காட்டமா ஒண்ணு எழுது தம்பி. சரக்க எடுத்துட்டு கம்முனு இருக்கான்” என்றார். 18ஆம் தேதி நானும் கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன். உடனடியாகப் பணம் அனுப்பவும் என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஷிப்பிங் பில் நம்பரையும் சேர்த்திருந்தேன்.

அது தப்பு. ஷிப்பிங் பில் நம் சுங்கத்துக்கும் நம் பேங்குக்கும் உள்ள பேப்பர். ஹாம்பர்க்கில் இருப்பவருக்கு அந்த நம்பரால் ஒரு பயனும் இல்லை. அவர் கணக்கில் இருப்பது அவருடைய ஆர்டர் நம்பரும் நம் இன்வாய்ஸ் நம்பரும்தான். 20ஆம் தேதி பதில் வந்தது: “சரக்கு பிப்ரவரி கடைசியில்தான் கிடைத்தது, அறுபது நாளில் பணம் வரும்.”

அண்ணாச்சி கொதித்துப்போனார். எனக்கோ அந்தப் பதிலைப் படித்தபோது கோபத்தை விடச் சந்தேகம்தான் வந்தது. இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தேன். கெடு என்ற கட்டத்தில் வெறும் அறுபது நாள் என்று மட்டும் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து என்று இல்லை. அடித்தது நான்தான். இன்வாய்ஸ் சுங்கத்துக்குப் போகும்போது கப்பல் ஏறியிருக்காது, பி.எல். தேதியே பிறந்திருக்காது. அதனால் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம். ஆனால் சரக்கு அனுப்பும் முன்பே நாங்கள் கொடுத்து, வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய புரோஃபார்மா இன்வாய்ஸில் பி.எல். தேதியிலிருந்து அறுபது நாள் என்று தெளிவாக இருந்தது. அந்தக் காகிதம் கொள்முதல் மேலாளரிடம் இருக்கும். பணம் அனுப்புகிற கணக்குப் பிரிவுக்கு அது போயே இருக்காது.

மறுநாள் மெயிலை அவர்கள் கணக்குப் பிரிவுக்கே எழுதினேன், மேலாளருக்கு நகல் போட்டு. புதிதாகத் தொடங்கவில்லை. டாகுமெண்ட் கிடைத்தது என்று அவர்களே ஜனவரியில் பதில் போட்டிருந்த மெயிலிலேயே தொடர்ந்தேன். தலைப்பில் அவர்கள் ஆர்டர் நம்பர், நம் இன்வாய்ஸ் நம்பர், தொகை, மார்ச் 12 என்ற தேதி. உள்ளே எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“வணக்கம். மேற்கண்ட இன்வாய்ஸுக்கான பணம் உங்கள் கணக்கில் எந்தத் தேதிக்குப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? எங்கள் இன்வாய்ஸில் அறுபது நாள் என்று மட்டும் இருந்ததால் குழப்பம் வந்திருக்கலாம், அதற்கு வருந்துகிறோம். நீங்கள் ஒப்புதல் தந்த புரோஃபார்மாவில் பி.எல். தேதியிலிருந்து என்று உள்ளது. பி.எல். தேதி ஜனவரி 12. ஒரிஜினல் டாகுமெண்டுகள் ஜனவரி 25 அன்று உங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டன. கண்டெய்னர் பிப்ரவரி 29 அன்று துறைமுகத்திலிருந்து எடுக்கப்பட்டு, மார்ச் 4 அன்று காலியாகத் திரும்பியிருக்கிறது. சரக்கு நல்லபடியாகச் சேர்ந்திருக்கும் என நம்புகிறோம். உங்கள் பக்கம் ஏதாவது டாகுமெண்ட் தேவைப்பட்டால் இன்றே அனுப்புகிறோம். எங்கள் பேங்க் விவரம் இன்வாய்ஸில் உள்ளதுதான், எந்த மாற்றமும் இல்லை.”

காலி கண்டெய்னர் திரும்பிய தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் கம்பெனி தளத்தில் கண்டெய்னர் நம்பரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெட்டி காலியாகத் திரும்பிவிட்டது என்றால் சரக்கு குடோனில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வரவில்லை, சுங்கத்தில் நிற்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. குற்றம்சாட்டும் தொனியே இல்லாமல் தேதியை மட்டும் வைத்தேன், அதுவே போதும். சரக்கில் ஏதாவது குறை உண்டா என்று கேட்கச் சொல்லி எங்கள் சேல்ஸ் ஆள் சொன்னார். நான் கேட்கவில்லை. கெடு தாண்டிய நேரத்தில் அப்படிக் கேட்டால் இல்லாத குறையையும் தேடுவார்கள். டாகுமெண்ட் தேவையா என்று கேட்பது வேறு. பணத்தை உண்மையிலேயே நிறுத்தி வைத்திருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பேப்பர்தான். அக்கவுண்ட் நம்பரையும் மெயிலில் திரும்ப எழுத மாட்டேன். மெயிலைத் திருடி அக்கவுண்டை மாற்றிப் பணத்தைச் சுருட்டுகிறவர்கள் இந்த மாதிரி நினைவூட்டலுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி இணைத்தேன். முதல் பக்கம் இன்வாய்ஸ், அடுத்து கையெழுத்தான புரோஃபார்மா, பி.எல். நகல், கூரியர் பெற்றுக்கொண்ட சீட்டு, கண்டெய்னர் நகர்வுப் பக்கம். அனுப்பும் முன் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். “நம்ம மேலயே தப்ப போட்டுக்கிறியே” என்றார். “இருக்கிறது உண்மைதானே அண்ணாச்சி, அத நம்ம சொல்லிட்டா அவங்க திரும்பிப் பார்க்கிறது லேசா இருக்கும்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, அனுப்பு” என்றார்.

மறுநாளே கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மையார் பதில் எழுதினார். சரக்கு குடோனில் பதிவான தேதி மார்ச் 1. சிஸ்டம் அதிலிருந்து அறுபது நாள் எண்ணி ஏப்ரல் 30 என்று வைத்திருந்தது. புரோஃபார்மாவை அவர் அன்றுதான் பார்த்திருக்கிறார். அடிப்படைத் தேதியை மாற்றிவிட்டதாகவும், வியாழக்கிழமைப் பட்டியலில் பணம் போய்விடும் என்றும் எழுதியிருந்தார். மார்ச் 28 அன்று, அவர்கள் பேங்க் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகல் வந்தது. புனித வெள்ளி, ஈஸ்டர், இங்கே ஏப்ரல் 1 பேங்க் கணக்கு முடிப்பு என்று விடுமுறைகள் குறுக்கே வந்ததில், பணம் கணக்கில் விழுந்தது ஏப்ரல் 3. நடுவில் ஒரு பேங்க் 25 டாலர் பிடித்திருந்தது. பாயந்தர்காரர்களுக்கு ஹோலிக்குக் கொடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

இப்போது இன்வாய்ஸ் கட்டத்தில் பி.எல். தேதியிலிருந்து என்று சேர்த்தே அடிக்கிறேன். பி.எல். வெளியானதும் டாகுமெண்ட் நகல் அனுப்புகிற அதே மெயிலில், பணம் தர வேண்டிய நாள் எது என்று தேதியாகவே முதல் வரியில் எழுதிவிடுவேன், கணக்குப் பிரிவுக்கும் நகலோடு. அடுத்த கண்டெய்னருக்கு அப்படி எழுதியபோது அந்த அம்மையார் ஒரே வரியில் பதில் போட்டார்: “தேதி பதிவு செய்தாயிற்று.”