பித்தப்பை ஆபரேஷன் படிவத்தை எளிய தமிழில் எழுதியபோது

வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பழைய தமிழ்ப் படிவத்தில் 'பித்தநாளச் சேதம் ஏற்பட வாய்ப்புண்டு' என்று ஒரு வரி இருந்தது. பிழையில்லாத வரிதான். ஆனால் சேதமானால் தனக்கு என்ன ஆகும் என்பது கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது.

அதனால் முதலில் அறுவை மருத்துவரிடம் உட்கார்ந்து ஒவ்வொரு ஆபத்தைப் பற்றியும் கேட்டேன்: எத்தனை பேருக்கு வரும், வந்தால் என்ன செய்வீர்கள், நோயாளி அதை எப்படிக் கண்டுகொள்வார்? அப்புறம் அந்த வரி இப்படி ஆனது: "பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய், பித்தப்பைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1000 பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தால் சுமார் 3 முதல் 5 பேருக்கு அதில் காயம் படலாம். அதைச் சரிசெய்ய இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். வீட்டுக்குப் போனபின் கண் மஞ்சளானாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ உடனே வாருங்கள்."

எல்லா ஆபத்துக்கும் 1000 பேர் என்ற ஒரே கணக்கையே வைத்தோம். ஓரிடத்தில் சதவீதம், இன்னோரிடத்தில் 'அரிதாக' என்று எழுதினால் எது பெரிய ஆபத்து என்று ஒப்பிட முடியாது. பித்தப்பை வீங்கிப் பழுத்திருந்தால் ஆபத்து கூடும் என்பதால், அந்த நோயாளிக்கென மருத்துவர் கையால் எழுத ஒரு இடம் விட்டோம்.

என்னை ரொம்ப உறுத்தியது வேறொரு வரி: 'மருத்துவர் தேவையெனக் கருதும் எந்தக் கூடுதல் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்.' எளிமையாக எழுதினாலும் இது வெற்றுக் காசோலைதான். மொழிபெயர்ப்பவர் தன்னிஷ்டத்துக்கு அர்த்தத்தைக் குறுக்கவும் கூடாது. அதனால் மூலப்படிவத்தையே திருத்தச் சொன்னேன். துளை வழியாக முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வது, உயிருக்கு ஆபத்தானால் உடனடியாகச் செய்ய வேண்டியது, இவை இரண்டும் மட்டுமே நிற்கும். மற்றதெல்லாம் விழித்தபின் கேட்டுத்தான் செய்யப்படும் என்று மாறியது. திறந்து செய்தால் பெரிய தழும்பு, கூடுதல் நாள் படுக்கை என்பதையும் சேர்த்தோம்.

பிறகு நோயாளிகளிடம் படிக்கக் கொடுத்தோம். "புரிந்ததா?" என்றால் எல்லோரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். அதனால், "வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டோம். ஆபத்துகளைச் சரியாகச் சொன்ன ஒரு அம்மா, "கையெழுத்துப் போட்டாச்சுன்னா இனி மாத்த முடியாதே" என்றார். உரிமை பற்றிய பத்தி அப்போது கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. அதைக் கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்தோம்: "கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் வரை, நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லலாம். அதற்காக உங்களுக்கான மற்ற சிகிச்சை நிற்காது. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்."