விளக்கு 'மூடியது' என்றது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது

சமையலறை சிங்கின் அடியில் கசிவைக் கண்டறியும் சென்சாரும், கசிவு தெரிந்தவுடன் தண்ணீரை நிறுத்தும் மோட்டார் பந்து வால்வும் பொருத்தி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அன்று இரவு அலாரம் ஒலித்து நான் எழுந்து சென்று பார்த்தபோது, கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'மூடியது' என்பதற்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அலமாரியின் உள்ளே, குழாய்க்குச் செல்லும் பின்னல் ஹோஸின் நட்டிலிருந்து தண்ணீர் இடைவிடாமல் வழிந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த ஆங்கிள் வால்வைக் கையால் திருகி மூடிய பிறகே அது நின்றது. தண்ணீரை நிறுத்துவதற்கென்றே வாங்கிய கருவி அந்த ஒரு வேலையைச் செய்யவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆறவில்லை.

பொருத்திய கதையில் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிள் வால்வுக்கும் ஹோஸுக்கும் இடையில் அரை அங்குல பந்து வால்வு, அலமாரித் தரையில் இரண்டு உலோக முனைகள் கொண்ட சென்சார், 12 வோல்ட் அடாப்டர் ஆகிய அனைத்தும் அரை நாளில் முடிந்தன. தண்ணீரை வடிகட்டும் கருவிக்கான கிளை வால்வுக்குப் பிறகே பிரிய வேண்டும் என்பதை மட்டும் நான் வலியுறுத்தினேன். வால்வுக்கு முன்பே பிரியும் கிளையில் கசிவு ஏற்பட்டால், வால்வு மூடியும் பயன் இருக்காது.

முதல் தவறு சென்சார் இருந்த இடத்தில் இருந்தது. பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அதை அலமாரியின் முன்பக்கத்தில், கதவை ஒட்டி வைத்திருந்தார்கள். எங்கள் அலமாரியின் தரைப் பலகை பின்சுவரை நோக்கிச் சற்றே சரிந்திருக்கிறது. நட்டிலிருந்து வழிந்த தண்ணீர் ஹோஸின் வெளிப்புறமாக இறங்கிப் பின் மூலையில் தேங்கி, பலகையை ஊறவைத்து, அந்தத் தேக்கம் முன்பக்கம் வரை பரவிய பிறகுதான் முனைகளைத் தொட்டிருக்கிறது. பலகை உப்பியிருந்த அளவைப் பார்த்தால் கசிவு தொடங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரைப் பின் மூலையில் ஊற்றி, அது எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். சென்சார் வைப்பதற்கு முன் அந்தச் சோதனையை எவரும் தவிர்க்க வேண்டாம்.

இரண்டாவது தவறுதான் பெரியது. மறுநாள் விற்பனையாளரின் உதவி எண்ணை அழைத்தபோது, சிவப்பு விளக்கு எரிந்ததா என்று கேட்டார்கள். எரிந்தது என்றேன். அப்படியென்றால் வால்வு மூடிவிட்டது, கசிவு வேறு குழாயில் இருக்க வேண்டும் என்று முடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்த பணியாளர் ஈரத்துணியைச் சென்சாரின் முனைகளில் வைத்தார். அலாரம் ஒலித்தது, விளக்கு சிவந்தது, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சிங்கின் குழாயைத் திறந்து பார்க்குமாறு நான் சொன்னபோது, அது தன் வேலைப் பட்டியலில் இல்லை என்றார். பிறகு நானே கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி அவர்களின் சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றேன். பெட்டியில் குறை எதுவும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். குறை பெட்டியில் இல்லை என்பது உண்மைதான், அது வால்வில் இருந்தது. ஆகவே எவரேனும் சேவை மையத்துக்குச் செல்வதாக இருந்தால் பெட்டியை மட்டும் தூக்கிச் செல்ல வேண்டாம்.

அன்று மாலை நானே உட்கார்ந்து பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டுச் சென்சாரை நனைத்தேன். மோட்டார் முனகியது, விளக்கு சிவந்தது, குழாயில் தண்ணீர் குறைந்ததே தவிர நிற்கவில்லை. வால்வின் தலையில் நிலை காட்டும் சிறு அம்பு ஒன்று இருக்கிறது. வால்வு திறந்திருக்கும்போது அது குழாயின் போக்கிலும், மூடியிருக்கும்போது குழாய்க்குக் குறுக்காகவும் நிற்க வேண்டும். அது பாதி வழியில் சாய்ந்து நின்றது. அதாவது உள்ளே உள்ள பந்து கால் சுற்று திரும்ப வேண்டிய இடத்தில் பாதி திரும்பிச் சிக்கிக்கொண்டிருந்தது. எங்களுடையது கடின நீர். ஏழு மாதங்களாக ஒருமுறைகூட அசையாத பந்தின் மீதும் அதன் இருக்கை வளையங்களின் ஓரத்திலும் சுண்ணாம்பு படிந்துவிட்டது. ஆங்கிள் வால்வை மூடிவிட்டு மோட்டார்த் தலையைக் கழற்றி, பந்தின் தண்டை விரல்களால் திருப்ப முயன்றேன், அசையவில்லை. ஸ்பானர் கொண்டே திருப்ப முடிந்தது.

போதாக்குறைக்கு, மோட்டார் திணறும்போது அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் 8 வோல்ட்டாக இறங்கியது. அடாப்டரும் சிறியது, இடையில் ஓடிய கம்பியும் மெல்லியது. வலிமை மிகத் தேவைப்படும் தருணத்தில்தான் மோட்டாருக்கு மின்சாரம் குறைந்திருக்கிறது.

அப்படியானால் சிவப்பு விளக்கு ஏன் எரிந்தது? அந்தப் பெட்டிக்கு வால்வின் நிலை தெரியவே தெரியாது. மூடச் சொல்லி மின்சாரத்தை அனுப்பிவிட்டுச் சில விநாடிகள் எண்ணி, மூடியிருக்கும் என்று கருதி அது விளக்கைப் போடுகிறது. வால்விலிருந்து பெட்டிக்குத் திரும்பி வரும் கம்பி ஒன்றுகூட இல்லை. வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, எவரும் சொல்லவும் இல்லை.

வால்வை மாற்றினேன். புதியது ஐந்து கம்பிகள் கொண்டது. அவற்றுள் சில மோட்டாரை இயக்குவதற்கும், மற்றவை முழுமையாகத் திறந்த நிலையையும் முழுமையாக மூடிய நிலையையும் அறிவிக்கும் சிறு சுவிட்சுகளுக்கும் உரியவை. பந்து சிக்கினால் தண்டு முடிவு வரை போகாது, 'மூடியது' என்ற சுவிட்ச் இணையாது, பெட்டி தனியான ஓர் அபாய ஒலியை எழுப்பும். இதற்கும் ஓர் எல்லை உண்டு: அந்தச் சுவிட்சுகள் மோட்டார்த் தலையில் இருக்கின்றன, பந்தில் இல்லை. தலைக்கும் தண்டுக்கும் இடையிலான பிணைப்பு உடைந்துவிட்டால், தலை மட்டும் திரும்பி இந்த விளக்கும் பொய் சொல்லும். அதனால் மாதத்தின் முதல் நாளில் குழாயைத் திறந்துவைத்துச் சென்சாரை நனைத்து, தண்ணீர் முற்றாக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். இடைப்பட்ட நாட்களில் பந்து படிவு பிடிக்காமல் இருக்க, வாரம் ஒருமுறை பின்னிரவில் வால்வு தானாக மூடித் திறக்குமாறும் அமைத்திருக்கிறேன். இந்த வகை வால்வு மின்சாரம் நின்றால் அப்போதிருந்த நிலையிலேயே நின்றுவிடும் என்பதால், தடிமனான கம்பியோடு ஒரு சிறு பேட்டரியும் சேர்த்தேன்.

சென்ற மாதம் அலாரம் மீண்டும் ஒலித்தது. இம்முறை சென்சார் பின் மூலையில் இருந்ததால், தேங்கியிருந்த தண்ணீர் உள்ளங்கை அளவுதான். வால்வு மூடியிருந்தது, குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. கசிவு எங்கே என்று அறிய, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் காகிதத் துண்டு ஒன்றை வைத்து வால்வை மட்டும் திறந்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் எல்லாத் துண்டுகளும் உலர்ந்தே இருந்தன. ஆகவே வரும் தண்ணீரில் கசிவு இல்லை. பிறகு சிங்கை நிரப்பி ஒரேயடியாக வடியவிட்டபோது, கழிவுக் குழாயின் வளைவுக்குக் கீழே வைத்த துண்டு நனைந்தது. நட்டைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் வாஷர் ஒருபக்கமாக மடிந்திருந்தது. புதிய வாஷர் போட்டுக் கையால் இறுக்கியதும் அந்தத் துண்டும் உலர்ந்தே இருந்தது.