ரேடியாலஜியில் ஒரு மாதம் இருந்து பார்க்க நான் எழுதிய கடிதம்

இறுதியாண்டுத் தேர்வுக்கும் இன்டெர்ன்ஷிப்புக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில், வேறொரு மருத்துவமனையின் ரேடியாலஜி துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி ஒரு மாதம் அங்கே இருந்து பார்த்தேன். ஜூனியர்கள் கேட்பதால் அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன்.

ஆர்வத்தைப் பற்றி ஒரே வரிதான். ஏனென்றால் கடிதத்தைப் படிக்கிற டாக்டருக்கு உங்கள் ஆர்வத்தைவிடப் பெரிய கவலை, இந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்பதுதான். அதற்குப் பதிலை நானே எழுதிவிட்டேன்.

முதலில் அல்ட்ராசவுண்ட். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தால் அந்த அறையில் கெடுபிடி அதிகம், பதிவில் பெயர் இல்லாத ஒருவர் கையில், உடல்மேல் வைத்து ஸ்கேன் எடுக்கும் புரோப் இருந்தாலே துறைக்குச் சிக்கல் வரலாம். அதனால் "புரோபைத் தொட மாட்டேன், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் நடக்கும்போது நீங்கள் கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருவேன்" என்று எழுதினேன். அடுத்தது கதிர்வீச்சு. அங்கே வேலை செய்பவர்கள் சட்டையில் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்பார்கள், ஒரு மாதத்துக்கு வந்து போகிறவருக்கு அது கிடைக்காது. ஆகவே சி.டி. நடக்கும்போது ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கன்சோலில் மட்டும் இருப்பேன், எக்ஸ்ரேயை நேரலையாகப் பார்க்கும் ஃப்ளோரோஸ்கோபி அறைக்குள் போக மாட்டேன் என்றேன். நோயாளியின் படங்களை போனில் எடுக்க மாட்டேன் என்பதையும் சேர்த்தேன். தேதிகளையும் டீன் கையெழுத்திட்ட போனஃபைடையும் இணைத்தேன்.

கேட்டது ஒன்றே ஒன்று: காலையில் ரிப்போர்ட்டிங் அறையில் ஒரு நாற்காலி. நெஞ்சு எக்ஸ்ரேக்களை நான் முதலில் பார்த்து நோட்டில் எழுதுவேன், அப்புறம் அவர் டிக்டேட் செய்வதோடு ஒப்பிட்டுக்கொள்வேன்.

அவரே போன் செய்தார். "சரி, வாங்க. சூப்பரின்டென்டென்ட் கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க."

அந்த நோட்டால்தான் ஒரு மாதம் உருப்படியாகப் போனது. ஒரு நாள் அறுபது வயதுப் புகைபிடிப்பவரின் எக்ஸ்ரே வந்தது, பல வாரமாக இருமல். இரண்டு நுரையீரலும் சுத்தமாகத்தான் தெரிந்தன. சார் ஒன்றும் சொல்லாமல் மானிட்டரில் வெளிச்சத்தை மாற்றி, "இதயத்துக்குப் பின்னாடி பாருங்க" என்றார். இதய நிழலுக்குள்ளேயே இன்னொரு நேர்க்கோடு, பாய்மரம் போல ஒரு முக்கோணம். இடது உதரவிதானத்தின் கோடு முதுகெலும்பை நெருங்கும் இடத்தில் மறைந்திருந்தது, மூச்சுக்குழாயும் ரத்தக்குழாய்களும் நுரையீரலுக்குள் நுழையும் இடமான ஹைலம் இடது பக்கத்தில் கீழே இறங்கியிருந்தது. இடது நுரையீரலின் கீழ் மடல் சுருங்கிப்போனதன் அடையாளங்கள் இவை. இந்த வயதில், புகைபிடிப்பவருக்கு இப்படி இருந்தால் கட்டி ஏதாவது மூச்சுக்குழாயை அடைக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, ரிப்போர்ட்டின் கடைசி வரியில் சி.டி. எடுக்கச் சொன்னதோடு நிற்காமல், அனுப்பிய டாக்டருக்கு அப்போதே போன் போட்டார்.