தம்பி பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்: வேப்பனஹள்ளி நாட்குறிப்பு

ஜூன் 1, 2024, சனி

தம்பி குடும்பம் நேற்று ராத்திரி பெங்களூரில் இறங்கி, கார் பிடித்து, விடிகாலையில் வீடு வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் இப்போது ஜூன் விடுமுறை. பெரியவனுக்கு வயது பதினைந்து முடிந்துவிட்டது, சின்னவள் ஆறாம் வகுப்பு. இந்த வருஷம் மாங்காய் படுத்துவிட்டது, வெயிலில் பூவெல்லாம் கருகிப் போச்சு. தோப்பைக் காட்டலாம் என்று கூட்டிப்போனால் காட்ட ஒன்றுமில்லை.

அம்மா திண்ணையில் இருந்து சின்னவளை "ரா, கூர்ச்சோ" என்று கூப்பிட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றதே தவிர உட்காரவில்லை. புரியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்தப் பக்கம் பாதி ஊர் அப்படித்தான், மீதியில் கன்னடமும் உண்டு. நான் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தும் அடுப்படியில் தெலுங்குதான் பேசுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், எங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 3, திங்கள்

தம்பி மனைவி சின்னவளை என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். ஆகஸ்டில் அவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழித் தேர்வு. அங்கே அந்தத் தேர்வை வைத்துத்தான் உயர்நிலைப்பள்ளி கிடைக்கும். ஆங்கிலம், கணக்கு, அறிவியலோடு தாய்மொழியும் சம எடை. அந்தத் தாய்மொழித் தாளில் கிட்டத்தட்ட கால்வாசி மதிப்பெண் வாயால் பேசுவதற்கே போகிறது. நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளை நினைத்துக்கொண்டேன். நூறும் எழுத்துதான். வாயைத் திறக்காமலே நூறு வாங்கிவிடலாம்.

தேர்வு இரண்டு பகுதி. முதலில் ஒரு பத்தியை உரக்க வாசிக்க வேண்டும். அப்புறம் திரையில் ஒரு சின்னக் காணொளி போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு உரையாட வேண்டும். வாசிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில். பத்தியை வாசிக்கும்போது "வந்தார்கள்" என்று சொல்லும் பிள்ளை, உரையாடலுக்கு வந்ததும் "வந்தாங்க" என்று மாற வேண்டும். மேடைப்பேச்சுபோல "நான் முதியவருக்கு உதவி செய்வேன்" என்று சொன்னால் அது உரையாடலாகவே எடுபடாது. இதை ஒரு பாடமாகவே வைத்துச் சொல்லித் தருகிறார்கள் என்பதை நான் வாத்தியாராக இருந்தும் இன்றுதான் இவ்வளவு விவரமாகக் கேட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. காலையிலிருந்து டிவி. பெரியவன் அப்பனிடம், "நீங்க ஓட்டு போட்டீங்களா?" என்றான். தம்பியிடம் இருப்பது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், அங்கே நிரந்தரவாசி. வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் பதிந்திருந்தால் அவன் ஓட்டுப் போடலாம், ஆனால் இங்கே நேரில் வந்து போட வேண்டும். ஏப்ரலில் அதற்காக யார் டிக்கெட் எடுத்து வருவது.

"அப்ப இங்கயும் போடல, அங்கயும் போட முடியாது" என்றான் பையன். தம்பி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

ஜூன் 7, வெள்ளி

சின்னவளோடு ஒரு முழு உரையாடல் போட்டுப் பார்த்தோம். காணொளிக்குப் பதிலாக நானே ஒரு காட்சி சொன்னேன். ரயிலில் ஒரு பாட்டி பையோடு நிற்கிறார், எதிரே உட்கார்ந்திருக்கும் பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகள் படிப்படியாகப் போகும். முதல் கேள்வி, என்ன பார்த்தாய். அடுத்தது, உனக்கு இப்படி நடந்திருக்கிறதா. கடைசியாக, இதற்கு என்ன செய்யலாம்.

முதல் கேள்விக்குத் தடையே இல்லை. பெருவிரைவு ரயில், முதியோர் இருக்கை என்று சொற்கள் வந்து விழுகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் பத்திரிகையில்கூடப் படிக்காத சொற்கள். "உணவங்காடி நிலையம்" என்று அவள் சொன்னபோது என் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கோபப்படவில்லை, "அங்க போர்டுலயே அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

இரண்டாவது கேள்வியில் திணறிவிட்டாள். "எங்க பாட்டி..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். ஆங்கிலத்துக்கு ஓடப் பார்த்தாள், நான் விடவில்லை. இப்படித் திணறுவதை மொழி தெரியாமல் திணறுவது என்று அங்கே டியூஷன்காரர்கள் நினைத்து, மனப்பாடம் செய்ய இன்னும் பத்து வாக்கியம் தருவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டியோடு அவளுக்கு நடந்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அவ்வாவோடு, அதாவது என் அம்மாவோடு, அவள் பேசியதே கிடையாது, இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. அம்மாவின் தமிழ் சந்தைக்குப் போதும், கதை பேசப் போதாது.

ஜூன் 9, ஞாயிறு

தம்பி மனைவியிடம் நேராகவே கேட்டேன், வீட்டில் தெலுங்கை ஏன் விட்டீர்கள் என்று. அவள் ஒளிக்காமல் சொன்னாள். பள்ளியில் சேர்க்கும்போது இந்தியப் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் இருக்கிறது, அது அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. தமிழ் வேண்டாம் என்றால் இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது. தெலுங்கு இல்லை, கன்னடமும் மலையாளமும் இல்லை. ஆந்திராக்காரர்கள் பலர் இந்தி எடுக்கிறார்கள். இவர்கள் தமிழ்நாடு, படித்ததும் தமிழ், அதனால் தமிழ்.

எடுத்த பிறகு அதில் மதிப்பெண் வாங்க வேண்டும். பள்ளி முழுக்க ஆங்கிலம், பிள்ளைகள் விளையாடுவதும் ஆங்கிலத்தில். வீட்டில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையாவது தமிழுக்குக் கொடுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். இவர்களும் அன்றிலிருந்து வீட்டில் தெலுங்கை நிறுத்திவிட்டுத் தமிழ் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதாவது ஆங்கிலம் வந்து தெலுங்கைத் தள்ளவில்லை, தமிழ்ப் பரீட்சைதான் தள்ளியது.

வெளிநாட்டில் பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்கள் என்று நாம் மேடைக்கு மேடை அழுகிறோம். இந்த வீட்டில் தமிழ் நன்றாகவே இருக்கிறது, அரசே அதைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. போனது அவ்வாவின் மொழி, அதற்காக அழ ஆள் இல்லை. தமிழ் வாத்தியாரான எனக்கு இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று பிடிபடவில்லை.

சிங்கப்பூரை மட்டும் சொல்லவும் முடியாது. 2006-ல் இங்கே தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமானது. ஓசூர்ப் பக்கத் தெலுங்கு வழிப் பள்ளிப் பெற்றோர்கள் என்னிடம் வந்து கேட்ட கேள்விகளும் கிட்டத்தட்ட இவைதான். தமிழ் வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. வீட்டு மொழிக்கு எங்கே இடம் என்றுதான் கேட்டார்கள்.

ஜூன் 12, புதன்

தோப்பு விஷயம். அப்பா காலத்துக்குப் பின் தோப்பு அம்மா பெயரில் இருக்கிறது. தான் இருக்கும்போதே இரண்டு பேருக்கும் பாதிப்பாதி தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று அம்மா ஆசைப்பட்டார். பத்திரம் எழுதுபவரிடம் போனோம். தம்பி வெளிநாட்டில் குடியிருப்பவன் என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

விவசாய நிலத்தை வெளிநாடு வாழ் இந்தியர் விலைக்கு வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது, அந்நியச் செலாவணி விதி அப்படி. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் இதேதான். வாரிசாக வந்தால் மட்டும் தடையில்லை. ஆகவே உயில் எழுதுங்கள் என்றார். பின்னாளில் விற்பதென்றாலும் இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். தம்பி வாடிப்போனான். பக்கத்து ரெண்டு ஏக்கரையும் வாங்கிச் சேர்த்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தானாம்.

ஜூன் 15, சனி

பெரியவன் என்னோடு மோட்டாருக்கு ஃபியூஸ் போட வந்தான். வரப்பில் உட்கார்ந்து அவனாகவே பேசினான். அங்கே பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான பையன்களும் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிய வேண்டும், பதினெட்டு வாக்கில் இரண்டு வருஷம் ராணுவத்திலோ போலீசிலோ தீயணைப்பிலோ இருக்க வேண்டும். போகாமல் நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்தால், பின்னால் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பித்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள், பெற்றோரின் அனுமதிப் புதுப்பிப்பையும் அது பாதிக்கலாம்.

அவன் கணக்கு எளிமையானது. "எப்படியும் ரெண்டு வருஷம் போகத்தான் போறேன் பெரியப்பா. குடிமகனுக்கும் அதே ரெண்டு வருஷம்தான். அப்புறம் பாஸ்போர்ட் மட்டும் ஏன் வேறயா இருக்கணும்?" அப்பாவோ பாஸ்போர்ட்டை விட்டுவிட்டால் ஊரே போய்விட்டது என்று நினைக்கிறார் என்றான். நான் பத்திரம் எழுதுபவர் சொன்னதைச் சொன்னேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, அவன் சிங்கப்பூர்க் குடிமகனானால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வேண்டுமென்றால் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்து விசா இல்லாமல் வந்து போகலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவது வரும்.

"அப்ப தோப்பு விஷயத்துல அப்பாவுக்கும் எனக்கும் ஒரே ரூல்தானே" என்றான்.

நான் யோசித்துப் பார்த்தேன், ஆமாம்.

ஜூன் 18, செவ்வாய்

ராத்திரி தம்பிக்கும் மகனுக்கும் நேருக்கு நேர். தம்பி, "நம்ம ஆளுங்க யாரும் பட்டாளத்துக்குப் போனதில்ல" என்றான். அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் தெலுங்கில் ஒரே கேள்வி கேட்டார், அங்கே சண்டை ஏதும் உண்டா என்று. இல்லை என்றதும் போய்ப் படுத்துவிட்டார். விண்ணப்பத்தை இந்த வருஷக் கடைசியில் போடலாம் என்ற அளவில் தம்பி இறங்கி வந்திருக்கிறான். சின்னவயதில் குடியுரிமை பெற்றவன் இருபத்தொன்றில் உறுதிமொழி எடுக்க வேண்டும், இருபத்திரண்டு ஆவதற்குள். அதைப் பையனே சொன்னான், எல்லாம் படித்து வைத்திருக்கிறான்.

ஜூன் 20, வியாழன்

சின்னவளுக்கு இரண்டாவது கேள்விக்கு விஷயம் கிடைத்துவிட்டது. ஒரு வாரமாக மத்தியானம் அவ்வாவோடு உட்காரச் சொன்னேன், என் பேரன் நடுவில் துபாஷி. அம்மா கிணறு வெட்டிய கதை, எருமை விழுந்த கதை எல்லாம் சொல்கிறார். அவன் தமிழில் சொல்ல, அவள் திருப்பிக் கேட்கிறாள். தெலுங்கில் ஏழெட்டு வார்த்தை பிடித்திருக்கிறாள், அதில் இரண்டு திட்டு. அவளுக்குத் தெலுங்கு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பரீட்சை முடிந்தும் வாரம் ஒரு நாள் வீடியோவில் இதே மாதிரி உட்கார வையுங்கள் என்று தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். டியூஷன் இல்லாத நாள் எது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ஜூன் 22, சனி

கிளம்பிவிட்டார்கள். உயில் தட்டச்சாகி வந்திருக்கிறது. இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது என்கிறார்கள். திங்கள்கிழமை அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். தம்பி பங்கை அவனுக்குப் பின் பேரன் பேத்திக்குச் சமமாக என்று அம்மா சேர்க்கச் சொன்னார். சேர்த்தாகிவிட்டது.