குடியாத்தம் நாட்குறிப்பு: வட்டியில்லாத கடன்

ஜூன் 12, வியாழன்

இன்று குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுத்தார்களாம். எதிர்வீட்டு அக்காவின் மகள், ஆறாம் வகுப்பு, சாயங்காலம் வந்து அதை எனக்கு ஒப்பித்தும் காட்டினாள். அப்புறம் வீட்டுக்குப் போய் பீடி முறத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தையல் மிஷினில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஊறவைத்த இலையை அளவுத் தகடு வைத்து வெட்டுவார், புகையிலைத் தூளை வைத்துச் சுற்றுவார், நூல் கட்டுவார். தலை மடக்குவது மகள். பீடியின் திறந்த முனையில் இருக்கிற இலை ஓரத்தைச் சின்னக் கம்பியால் உள்ளே தள்ளி, தூள் கொட்டாதபடி அமுக்கிவிட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு மூன்று விநாடிதான் ஆகும். மென்மையான விரல் என்றால் இலை கிழியாது, அதனால்தான் இது பிள்ளைகள் வேலை என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூலி கேட்காத விரல் என்பதுதான் காரணம். அவளுடைய வலது கட்டைவிரல் நுனியில் தோல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. தூள் பறக்கும்போது தும்முகிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்முகிறாள், பீடி மேல் படக்கூடாதாம்.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை கணக்கு நாள். அக்கா பீடிக் கட்டுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு ஏஜெண்டு வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். ஏஜெண்டின் ஆள் கட்டை எடுத்து மேஜையில் தட்டுகிறார், அமுக்கிப் பார்க்கிறார், ஒவ்வொன்றாக ஓரமாக வைக்கிறார். "இது லூசு. இது சிறுசு." ஓரமாகப் போன கட்டுக்குக் கூலி கிடையாது. ஆனால் திருப்பியும் தரமாட்டார்கள். கழிவு என்றால் குப்பைக்குத்தானே போக வேண்டும்? அதுவும் கடைக்குத்தான் போகிறது.

இலையிலும் இதே கதை. ஆயிரத்துக்கு என்று எடைபோட்டுத் தருகிற இலையில் ஓட்டையும் நரம்பு தடித்ததும் கலந்திருக்கும். வெட்டிப் பார்த்தால் ஆயிரம் வராது. குறைகிற இலையை அக்காவே காசு போட்டு வாங்கி நிரப்ப வேண்டும்.

அக்காவிடம் தொழிலாளி அட்டையும் இல்லை, பாஸ் புக்கும் இல்லை. கம்பெனி ஏஜெண்டுக்குத் தருகிறது, ஏஜெண்டு அக்காவுக்குத் தருகிறார், அவ்வளவுதான். அட்டைக்குக் கையெழுத்து கேட்டால், "அதெல்லாம் கம்பெனியில கேளும்மா" என்பார். கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது என்றே அக்காவுக்குத் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு உட்கார்ந்து முழுக் கணக்கையும் கேட்டேன். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் என்னிடம் காசு விஷயத்தைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலில் தகடு வைத்தார்கள். அப்போது ஏஜெண்டு 20,000 ரூபாய் கொடுத்தார். வட்டி இல்லை. அக்கா இன்றைக்கும் அதை நன்றியோடுதான் சொல்கிறார். "யாரு தருவாங்க சொல்லு, வட்டியில்லாம?"

நிபந்தனை இரண்டே. கடன் தீரும்வரை வேறு யாருக்கும் பீடி சுற்றக்கூடாது. திருப்பித் தரும்போது மொத்தமாகத் தர வேண்டும், ஐந்நூறு ஆயிரமாகக் கொண்டுவந்தால் வாங்கமாட்டார்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை யாரும் நிபந்தனை என்று சொல்வதில்லை. கடன் இல்லாதவர்களுக்கு அவர் ஆயிரத்துக்கு 170 ரூபாய் தருகிறார். அக்காவுக்கு 140.

வாரத்துக்கு 6,000 பீடி போகிறது. ஆயிரத்துக்கு 30 வீதம் 180 ரூபாய் வாராவாரம் பிடித்தம். வருடத்துக்கு 9,000க்கு மேல் வருகிறது. அசல் 20,000. வட்டிக்கடைக்காரனே இந்த வட்டியைச் சொல்லக் கூச்சப்படுவான். இரண்டு வருடத்தில் 18,000க்கு மேல் போய்விட்டது, கடன் இன்னும் அதே 20,000.

அடுத்து மகள் கணக்கு. அக்கா தனியாகச் சுற்றினால் நாளைக்கு 800 தாண்டாது, ஆறு நாளில் 4,800. மகள் தலை மடக்குவதால்தான் 6,000 ஆகிறது. கூடுதல் 1,200. 140 ரூபாய் வீதம் அதற்குக் கூலி 168 ரூபாய். அந்தப் பிள்ளை பள்ளி விட்டு வந்து ராத்திரி பத்து மணிவரை குனிந்து சம்பாதிக்கிற 168 முழுசாக அந்த வட்டியில்லாக் கடனுக்குப் போகிறது. அதற்கும் 12 ரூபாய் போதவில்லை.

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ பாப்பா சும்மாதான் பண்ணிக்கினு இருக்குதா?" என்றார்.

ஜூன் 18, புதன்

ஆயா ஒருத்தர் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவர் சின்ன வயதில் வீட்டில் இருந்து சுற்றவில்லை, முன்பணத்துக்காக ஏஜெண்டு வீட்டிலேயே விடப்பட்டவர். வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைத்து, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தீப்பெட்டி ஒன்றைச் செருகுவார்களாம். தலை நிமிர்ந்தால் பெட்டி விழும், விழுந்தால் அடி. சொல்லிக்கொண்டே தாடையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். கழுத்து சட்டென்று அந்த இடத்துக்குப் போய் நின்றது.

இப்போது அப்படி இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் பீடிக்காகப் பிள்ளைகளை அடகு வைப்பது வெளிப்படையாகவே நடந்தது. சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது. பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் சொல்லிவிட்டது. 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1991ல் தமிழ்நாட்டு பீடித் தொழிலாளர் வழக்கில், புகையிலை வேலை உடம்புக்குக் கேடு, பிள்ளைகளை அதில் வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் வேலை கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. பீடித் தொழிலாளர்களுக்கான 1966ஆம் வருடச் சட்டம் பிள்ளைகளைத் தொழிற்கூடத்தில் வைக்கத்தான் தடை போட்டது. 1986 சட்டம் வீட்டோடு செய்கிற வேலைக்கு விலக்குக் கொடுத்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகுதான் பீடி மாதிரி ஆபத்தான தொழிலுக்கு அந்தக் குடும்ப விலக்கும் போனது. ஏஜெண்டைக் கேட்டால், "நான் அந்தப் பிள்ளைக்கா வேலை கொடுத்தேன்?" என்பார். அவர் கொடுத்தது இலையும் தூளும் மட்டும்தான். ஒரு ஆள் முடிக்க முடியாத அளவுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

புகார் கொடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். கடனுக்காக வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமையை இழந்தாலே அது கொத்தடிமை என்றுதான் 1976 சட்டம் சொல்கிறது. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுத்தால் கடனே ரத்து.

அக்கா யோசிக்கவே இல்லை. "திங்கட்கிழமை எலைய யாரு தருவாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புகார் கொடுத்தவள் என்று பெயர் வந்தால் இந்தப் பக்கம் ஒரு ஏஜெண்டும் இலை தரமாட்டார். அண்ணனால் இன்னும் ஏணி ஏற முடியாது. மகளிர் உரிமைத்தொகை 1,000 வாடகைக்கே சரியாகப் போகிறது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். கடனை வேறு இடத்துக்கு மாற்றுவது.

ஜூன் 29, ஞாயிறு

குழுக் கூட்டம். அக்காவுக்கு 20,000 கடன் என்று நான் பேச்சை எடுத்ததும் யாரும் மறுக்கவில்லை. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. சண்டை தவணையில்தான் வந்தது.

எங்கள் வழக்கம் 20 மாதம். அப்படியென்றால் முதல் மாதம் அசல் 1,000, வட்டி 200, ஆக 1,200. வாரத்துக்கு 300. இப்போது ஏஜெண்டு பிடிப்பதோ 180. கடன் மலிவானதுதான், ஆனால் வாராவாரம் கையிலிருந்து போகிற காசு கூடிவிடும். அந்தக் கூடுதலை யார் ஈடுகட்டுவது? அந்தப் பிள்ளைதான், இன்னும் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து. கடனிலிருந்து மீட்கிறோம் என்று போய் அவளை இன்னும் இறுக்கி உட்காரவைத்துவிடுவோம்.

40 மாதம் கேட்டேன். மாதம் 700, வாரத்துக்கு 175. வட்டி போகப் போகக் குறையும். "உங்க எதிர்வீடுன்னா ஒரு நியாயமா?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் பீடிக் கடன் இருக்கிற யாருக்கும் 40 மாதம் என்று பொதுவாகவே தீர்மானம் எழுதினோம். உடனே கூட்டத்திலேயே இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவர்களுக்கும் இப்படிக் கடன் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஜூலை 5, சனி

பணத்தைக் கட்டிவிட்டோம். ஏஜெண்டு எண்ணி வாங்கிக்கொண்டார், கோபப்படவில்லை. "அவசரம்னா வாம்மா, எப்பவும் இருக்கேன்" என்றார். ரசீது கேட்டேன், சிரித்தார். அவருடைய நோட்டில் அக்கா பெயரை அடிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தெரு ஏஜெண்டு 170க்கு இலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

புதுக் கணக்கில் முதல் வாரம். அக்கா தனியாக 4,800 சுற்றினால் 816 ரூபாய். குழுத் தவணைக்கு 175 எடுத்தால் 641. முன்பு மகளோடு சேர்ந்து கைக்கு வந்தது 840. ஆக, பிள்ளையை அந்த வேலையிலிருந்து எழுப்பிவிட்டால் வாரத்துக்கு 200 ரூபாய் துண்டு விழுகிறது. கடன் தீர்வதற்கும் பிள்ளை எழுந்து போவதற்கும் நடுவில் இந்த 200 நிற்கிறது. இந்த வாரம் அவள் புதன், வியாழன் இரண்டு ராத்திரியும் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் பகலெல்லாம் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. தலை மடக்குவதுதானே, உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று இன்றைக்குக் கேட்டேவிட்டேன். "பொம்பளைங்க, பசங்க பண்ற வேலைம்மா அது" என்றார். ஆயா பக்கத்தில் இருந்தார். "எங்கள உக்காரவெச்சவனுங்களும் ஆம்பளைங்கதான்டா" என்றார்.

ஜூலை 19, சனி

அண்ணன் திங்கட்கிழமையிலிருந்து மடக்குகிறார். மகள்தான் கற்றுக்கொடுத்தாள், கம்பியை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று. முதல் நாள் பாதி கிழிந்தது. கொத்துக்கரண்டி பிடித்த விரல் என்பதால் அழுத்தம் கூடிப் போகிறது. இன்றைய கணக்கில் 5,300 பீடி கொடுத்ததில் ஒன்பது கட்டு கழிவு என்று ஓரமாகப் போனது, எல்லாம் அண்ணன் மடக்கியது. புது ஏஜெண்டும் கழிவைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வாரம் கேட்பதாக அக்கா சொல்லியிருக்கிறார்.

கை தூக்கிய அந்த இரண்டு பேருக்கும் ஒரே ஏஜெண்டு, கடன் 15,000, 28,000. குழுவில் இப்போது இருப்பு 22,000. யாருக்கு முதலில் என்று நாளைக் கூட்டத்தில் பேச வேண்டும். 28,000 வாங்கியவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் மடக்குகிறார்கள், பெரியவன் மார்ச்சோடு பள்ளியை விட்டுவிட்டான்.