21-ஐக் காரணிப்படுத்திப் பார்த்தேன்: 19 எங்கிருந்து வந்தது?

எண்களைக் காரணிகளாக உடைக்க பீட்டர் ஷோர் 1994-இல் தந்த குவாண்டம் அல்காரிதத்தைப் பற்றிப் பல முறை படித்திருக்கிறேன். ஒரு எண்ணையாவது கையோடு உடைத்துப் பார்க்காமல் அது மனதில் நிற்காது என்று தோன்றியது. அதனால் சில நாட்களாக மாலை நேரத்தில் பைத்தானில் அதைப் போலச்செய்து பார்க்கிறேன்.

எல்லோரும் 15-இல்தான் தொடங்குவார்கள். 2001-இல் ஐபிஎம் குழு 7 க்யூபிட்டை வைத்து உடைத்ததும் 15-தான். ஆனால் 15-க்கு எந்த அடிமானத்தை எடுத்தாலும், அதன் அடுக்குகளை 15-ஆல் வகுத்த மீதிகள் திரும்பத் திரும்ப வரும் சுழற்சி நீளம் 1, 2, 4 என்பதைத் தாண்டாது. மூன்றுமே இரண்டின் அடுக்குகள் என்பதால் விடை பிசிறில்லாமல் வந்துவிடும், அல்காரிதத்தின் சிரமமான பகுதி கண்ணிலேயே படாது. எனவே 21-ஐ எடுத்தேன்.

முதலில் தாளில் போட்டுப் பார்த்தேன். 2-இன் அடுக்குகளை 21-ஆல் வகுத்து மீதியை எழுதினால் 2, 4, 8, 16, 11, 1 என்று போய், மறுபடி 2-இல் தொடங்குகிறது. சுழற்சி நீளம் 6. அதில் பாதி 3, அந்த இடத்தில் இருக்கும் மீதி 8. ஆறாவது அடுக்கு 1 என்பதால் 8-இன் வர்க்கமும் 1 ஆக வேண்டும். 64-ஐ 21-ஆல் வகுத்தால் மீதி 1, சரிதான். அதாவது 8² − 1 = 7 × 9 = 63 என்பது 21-இன் மடங்கு. ஆனால் 7-ம் சரி, 9-ம் சரி, தனியாக 21-இன் மடங்கு இல்லை. அப்படியானால் 21-இன் காரணிகள் இந்த இரண்டுக்குள்ளும் பிரிந்துதான் கிடக்க வேண்டும். 7-க்கும் 21-க்கும் மீ.பொ.வ. 7, 9-க்கும் 21-க்கும் 3. முடிந்தது.

இந்தக் கணக்கில் குவாண்டம் எதுவுமில்லை. குவாண்டம் கணினி செய்ய வேண்டிய ஒரே வேலை அந்த 6-ஐக் கண்டுபிடித்துத் தருவது.

அதற்கு இரண்டு ரெஜிஸ்டர்கள் வேண்டும். முதலாவதில் x என்ற அடுக்கு எல்லா மதிப்புகளையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது. இரண்டாவதில் 2ˣ-இன் மீதி. இரண்டாவதை அளந்து 8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே முதலாவதில் 3, 9, 15, 21 என்று ஆறு ஆறாகத் தள்ளி நிற்கும் எண்கள் மட்டுமே மிஞ்சும். நமக்கு வேண்டிய 6 அங்கேதான் இருக்கிறது, ஆனால் நேரே எடுக்க முடியாது. அளந்தால் 45 என்று ஏதோ ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். மறுபடி ஓட்டினால் இரண்டாவதில் 8-க்குப் பதில் 11 வரலாம். அப்போது தொடக்கமே 3-இலிருந்து 5-க்கு நகர்ந்துவிடும். இரண்டு ஓட்டங்களை ஒப்பிட்டு ஒன்றும் பெற முடியாது. ஃபூரியர் மாற்றம் செய்யும் உதவி இங்கேதான்: தொடக்கம் எங்கே என்பதை அது கட்டத்துக்குள் (phase) ஒளித்துவிடுகிறது, அளக்கும்போது அது தெரிவதில்லை. இடைவெளி மட்டும் முகடுகளாக வெளியே வருகிறது. முதல் ரெஜிஸ்டரின் அளவு Q என்றால், முகடுகள் Q/6-இன் மடங்குகளுக்கு அருகே விழும்.

நான் எழுதியது இவ்வளவுதான்:

```python
import numpy as np
from fractions import Fraction

N, a, Q = 21, 2, 32
f = np.array([pow(a, x, N) for x in range(Q)])
amp = (f == np.random.choice(f)).astype(complex)
amp /= np.linalg.norm(amp)
p = abs(np.fft.fft(amp, norm="ortho"))**2
y = np.random.choice(Q, p=p/p.sum())
print(y, Fraction(int(y), Q).limit_denominator(N-1))
```

Q-ஐ 32 என்று வைத்தது என் முடிவு. 21-ஐ விடப் பெரிய இரண்டின் அடுக்கு, 5 க்யூபிட் போதுமே என்று நினைத்தேன். முகடுகள் சரியாகவே வந்தன: 0, 5, 11, 16, 21, 27. ஆறு முகடு, பார்த்ததும் மகிழ்ச்சி. ஆனால் கடைசி வரி தந்த பின்னங்களின் பகுதியில் 6 வரவே இல்லை. y = 5 வரும்போதெல்லாம் 3/19, y = 11 வந்தால் 7/20. 2-ஐ 19-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 2-தான், 1 இல்லை. ஃபூரியர் வரியில் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அதையே நோண்டினேன்.

அப்புறம் 5/32-ஐக் கையால் தொடர் பின்னமாக விரித்தேன். 1/6, 2/13, 5/32 என்று வந்தது. 1/6 அங்கேயே இருக்கிறது! ஆனால் 5/32-க்கும் 1/6-க்கும் உள்ள தூரம் 1/96. 3/19-க்கு உள்ள தூரம் வெறும் 1/608. பகுதி 20-க்குள் இருக்கும் பின்னங்களில் மிக நெருங்கியதைக் கேட்டேன், அது 3/19-ஐத் தந்தது. நிரலில் பிழையில்லை, அளவுகோல்தான் கரடுமுரடு. 32 கோடு போட்ட அளவுகோலில் முகடு தன் உண்மையான இடத்திலிருந்து 1/64 வரை தள்ளி விழலாம். அந்த இடைவெளிக்குள் 1/6, 2/13, 3/19 மூன்றும் அடங்கிவிடுகின்றன. எது நிஜம் என்று சொல்ல வழியே இல்லை.

Q குறைந்தது N²-ஆவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. 21² = 441, அதற்கு மேலே உள்ள இரண்டின் அடுக்கு 512. அதாவது 9 க்யூபிட். இப்போது பிசகு அதிகபட்சம் 1/1024. 1/6-க்கு மிக அருகில் இருக்கும் போட்டிப் பின்னமான 3/19-ஓ 1/114 தள்ளி நிற்கிறது. குழப்பத்துக்கு இடமில்லை.

Q-ஐ 512 ஆக்கி ஓட்டினேன். முகடுகள் 0, 85, 171, 256, 341, 427. இதில் 0-வும் 256-ம் தலா 0.17 நிகழ்தகவோடு வருகின்றன, மற்ற நான்கும் தலா 0.11 அளவில். 85/512 நேராக 1/6 தருகிறது, 427/512 தருவது 5/6. பக்கத்தில் சிதறும் 86 வந்தால்கூட 1/6-தான். 171 வந்தால் 1/3 கிடைக்கிறது. அது தவறு இல்லை, 2/6 சுருங்கிப்போன வடிவம். 2³ = 8 என்று சரிபார்த்தாலே 3 சுழற்சி நீளம் இல்லை என்று தெரிந்துவிடும். 256 தருவது 1/2. ஒரு ஓட்டத்தில் 3-ம் இன்னொன்றில் 2-ம் கிடைத்தால் மீச்சிறு பொது மடங்கு எடுத்து 6-க்கு வந்துவிடலாம். 0 வந்தால் மட்டும் அந்த ஓட்டம் வீண்.

அடிமானத்தை மாற்றியும் பார்த்தேன். 5-க்கும் சுழற்சி நீளம் 6-தான், ஆனால் 5³-இன் மீதி 20, அதாவது −1. மீ.பொ.வ. எடுத்தால் 1-ம் 21-ம் மட்டுமே வரும். 4-க்கு நீளம் 3, பாதியாக்க முடியாது. 21-உடன் பொதுக் காரணி இல்லாத 12 அடிமானங்களில் 2, 8, 10, 11, 13, 19 ஆகிய ஆறு மட்டும் காரணியைத் தருகின்றன. சுழற்சி சரியாகக் கிடைத்தும் காரணி வராவிட்டால் அடிமானத்தை மாற்ற வேண்டும், நிரலில் தேடிப் பயனில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் நிரல் f வரிசையை முதலிலேயே முழுதாகக் கணக்கிட்டுவிடுகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தாலே 6 தெரியும். உண்மையான குவாண்டம் சுற்றில் அந்தப் பட்டியல் எங்கும் இருக்காது, பெருக்கும் சுற்றுகள் மட்டுமே இருக்கும். முதல் ரெஜிஸ்டரின் ஒவ்வொரு க்யூபிட்டும் 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி வரும் ஓர் எண்ணால் பெருக்கச் சொல்லும். எழுதிப் பார்த்தேன்: 2, 4, 16, 4, 16, 4, 16, 4, 16. ஆக ஒன்பது க்யூபிட்டுக்கும் மூன்றே வகைச் சுற்றுகள் போதும். ஐந்து க்யூபிட்டில் 21-இன் மீதியோடு 2-ஆல் பெருக்கும் முதல் சுற்றை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.